ஐந்து நிமிஷத்துக்குள் வந்த வரி

எனக்கு வாய் நீளம். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு மெஷினிங் கம்பெனியில் டைம் ஆபீஸ் என் பொறுப்பு. மூன்று ஷிப்ட், நூறு பேருக்குக் கொஞ்சம் குறைச்சல். யார் எப்போது வந்தார், எப்போது போனார், மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று கூட்டிச் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்த நாற்காலியில் வாயில்லாத பூச்சி உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் ஓட விட்டுவிடுவார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. விரல் பதிந்தால் ‘தேங்க் யூ’ என்று ஒரு பொம்பளைக் குரல் வரும். உள்ளே ஒரு வரி சேரும். அந்த வரியில் ஆளோட நம்பர், தேதி, மணி, அவ்வளவுதான். வந்தாரா, போனாரா என்று அதில் இருக்காது. அதற்கென்று மெஷினில் ஒரு பட்டன் உண்டு, ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடுகிறவன் எவன் அதை அமுக்குவான்? காலையில் வந்தது ஒரு வரி, மதியம் போனது இன்னொரு வரி. இரண்டையும் ஜோடி சேர்த்தால்தான் மணிக்கணக்கு கிடைக்கும்.

மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் தேதியை வைத்து ஜோடி சேர்த்தது. இரவு பத்து மணிக்கு வந்து மறுநாள் ஆறு மணிக்குப் போகிற நைட் ஷிப்ட்காரர்களுக்கு அது தினமும் சொதப்பியது. நான் தாம்பரத்தில் சாயங்கால கிளாசுக்குப் போய் டேட்டாபேஸ் படித்தவள். “நானே எழுதறேன் சார்” என்றேன் பிளான்ட் மேனேஜரிடம். எழுதினேன். தேதியைப் பார்க்காமல் ஒரு ஆளோட வரிகளை மட்டும் நேர வரிசையில் எடுத்துக்கொள்ளும். முதல் வரி ‘இன்’. அடுத்த வரி பதினான்கு மணி நேரத்துக்குள் வந்தால் அது ‘அவுட்’, ஜோடி முடிந்தது. அதைத் தாண்டி வந்தால் முதல் வரியை ஒற்றையாக ஓரங்கட்டிவிட்டு, இரண்டாவதைப் புது ‘இன்’ ஆக எடுத்து மறுபடி தொடங்கும். நைட் ஷிப்ட் சரியாகிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அஸ்தினாபுரம் வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு தொல்லை வந்தது. உள்ளே மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு ஆயிலும் கூலன்ட்டும் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிடும். பதிந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டு மூன்று தடவை வைப்பார்கள். ஒரே ஆளுக்கு ஒரே நிமிஷத்தில் மூன்று வரி. ஆறு மணிக்கு வந்து ஆறு மணிக்கே போனதாகக் கணக்கு வரும். அதனால் ஒரு விதி போட்டேன். ஐந்து நிமிஷத்துக்குள் மறுபடி வரும் வரியைக் கண்டுகொள்ளாதே, முதல் வரி போதும். போட்டதும் ரிப்போர்ட் பளிச்சென்று ஆகிவிட்டது. அதில்தான் நான் ஒரு மனிதரை ஒழித்தேன்.

அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சி.என்.சி. மெஷின்களில் டூல் பொருத்தி ஓட விடுகிற செட்டர். ஐம்பதைத் தொட்டவர். பம்மலிலிருந்து ஒரு பழைய பைக்கில் வருவார். ஃபர்ஸ்ட் ஷிப்ட், காலை ஆறு முதல் இரண்டு வரை. புதன்கிழமைகளில் செகண்ட் ஷிப்ட் செட்டருக்கு வார லீவு என்பதால் அன்றைக்கு மட்டும் இவரே இரவு பத்து மணி வரை இருந்து இழுப்பார், டபுள் ஷிப்ட். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. என்னைத் ‘தங்கச்சி’ என்பார். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆளும் அவர்தான்.

டபுள் ஷிப்டுக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு உத்தரவு உண்டு. மேனேஜர் கையெழுத்துப் போட்டது. இரண்டு மணிக்கு முதல் ஷிப்டுக்கு ‘அவுட்’ வைத்து, உடனே இரண்டாவது ஷிப்டுக்கு ‘இன்’ வைக்க வேண்டும். ஷிப்டுக்கு ஒரு ஜோடி என்று தனித்தனியாக இருக்கவேண்டுமாம். மற்றவர்கள் அவுட் வைத்துவிட்டு வெளியே போய் சாப்பிட்டு, ஒரு டீ அடித்து, அரை மணி கழித்து வந்து இன் வைப்பார்கள். பாய்க்கு வீட்டு டிபன் கேரியர். வெளியே போகிற வேலையே இல்லை. நோட்டீஸில் போட்டபடி அவுட் வைப்பார், உடனே இன் வைப்பார், தன் சி.என்.சி. மெஷினுக்குப் போய்விடுவார்.

வியாழக்கிழமை ரிப்போர்ட்டில் அவருக்கு மதியம் இரண்டு மணி பஞ்ச் மட்டும் ஒற்றையாக நிற்கும். காலை பஞ்ச் இருக்காது. நானும் ஒரு வாரம்கூட விடாமல் கேட்பேன்.

“இன்னா பாய், வியாழக்கிழமை ஆனா மட்டும் உங்களுக்கு மறதி வந்துடுமா?”

“வெச்சேனே தங்கச்சி. தேங்க் யூ கூட சொல்லிச்சே.”

“அது வேற யாருக்கோ தேங்க் யூ சொல்லியிருக்கும்.”

சிரிப்பார். நான் ‘காலை பஞ்ச் மறதி, ஆள் ஆஜர்’ என்று எழுதி, கையால் எட்டு மணி நேரம் போட்டுவிடுவேன். புதன் பதினாறு, வியாழன் எட்டு. மொத்தம் சரியாக வரும். மொத்தம் சரியாக வந்தால் யார்தான் கேட்கப்போகிறார்கள்? அவர் கேட்கவில்லை, நானும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஏழெட்டு மாசம் இப்படியே ஓடிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். டூல் ரூமில் இரண்டு பெட்டி கார்பைடு டிப், மெஷினில் இரும்பை வெட்டுகிற முனை, காணவில்லை. விரல் நகம் அளவுதான் ஒவ்வொன்றும், ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். முந்தின நாள் சாயங்காலம் எண்ணி வைத்தது, காலையில் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி செட்டர்களிடம் மட்டும்தான் இருக்கும். கேட் கேமரா மழையில் நனைந்ததிலிருந்து கறுப்பாகத்தான் கிடந்தது. மேனேஜர் நேராக என் டேபிளுக்கு வந்தார்.

“நேத்து நைட் பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் யார் யார் உள்ள இருந்தாங்க? லிஸ்ட் கொடும்மா.”

இரண்டு நிமிஷத்தில் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இந்த ரிப்போர்ட்டை நான் எழுதியது இதற்குத்தானே என்று. நைட் ஷிப்டில் போட்டிருந்த நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவதாக ஒரு நம்பர். இன் 22:03, அவுட் 05:52. பாயோட நம்பர்.

“இந்த ஆளுக்கு நைட் போடலையே?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார்.”

“பத்து மணி வரைக்கும் டபுள் பார்த்துட்டு உள்ளயே தங்கியிருக்கான். ஆறு மணிக்கு வெளிய போயிருக்கான். திரும்ப எப்ப வந்தான்?”

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் பேரில் வரியே இல்லை. ஆள் காலையிலிருந்து மெஷினில் நின்றுகொண்டிருந்தார்.

“காலை பஞ்ச் இல்ல சார். வியாழக்கிழமைல அவர் எப்பவும் மறந்துடுவார்.”

இதைச் சொன்னது என் வாய்தான். யாரும் என் தொண்டையில் கை வைக்கவில்லை. மேனேஜர் முகம் மாறியதைப் பார்த்தேன். “எப்பவுமா? ஒவ்வொரு வியாழனுமா? அப்ப வெளிய கொண்டுபோய் வெச்சுட்டு பஞ்ச் பண்ணாம உள்ள வர்றான். எத்தனை மாசமா நடக்குது இது?” என்றார்.

ஒரே ஒரு வரி மேலே தள்ளிப் பார்த்திருந்தால் போதும். புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து பத்து வரைக்கும் அவர் கம்பெனியிலேயே இல்லை என்று காட்டியிருக்கும். அந்த நேரத்தில் அவர் வேலை பார்த்ததை மேனேஜரே பார்த்திருக்கிறார். இல்லை, மொத்தத்தையாவது பார்த்திருக்கலாம். பகலில் டபுளும் பார்த்து ராத்திரியும் இருந்திருந்தால் இருபத்திநாலு வரவேண்டும். பதினாறுதான் இருந்தது. இதைக் கூட்டத் தெரியாதவளா நான்? கேட்டது இரவு லிஸ்ட், கொடுத்தது இரவு லிஸ்ட். சனியன், அதற்கு மேல் என் மூளை போகவே இல்லை.

பாயைக் கூப்பிட்டார்கள். டூல் ரூம் வாசலிலேயே வைத்துக் கேட்டார்கள், நாலு பேர் பார்க்க. “பத்து மணிக்கு வூட்டுக்குப் போயிட்டேன் சார். செக்யூரிட்டி கேட்டைத் திறந்து விட்டாரே” என்றார். செக்யூரிட்டியும் ஆமாம் என்றான். அவனும் சேர்ந்து மறைக்கிறான் என்று அவனை ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாயை விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். போகும்போது என் ஜன்னலில் நின்றார்.

“தங்கச்சி, உன் கம்ப்யூட்டர்ல நல்லா பாரும்மா. நான் ராத்திரி இங்க இல்ல.”

“பார்த்துட்டுத்தான் சொன்னேன் பாய்” என்றேன். எரிச்சலாகச் சொன்னேன். என் ரிப்போர்ட்டைத் தப்பு என்கிறாரே என்ற எரிச்சல். அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்.

அடுத்த புதன்கிழமை அவர் இடத்தில் இன்னொரு செட்டர் டபுள் பார்த்தார். குன்றத்தூர்காரர், வார்த்தைக்கு வார்த்தை ‘க்கா’ போடுகிறவர். டூல் ரூம் சமாசாரத்துக்கப்புறம் மேனேஜர் நோட்டீஸை எல்லோருக்கும் மறுபடி படித்துக் காட்டியிருந்தார். அதனால் அவரும் டீக்குப் போகாமல் அவுட் வைத்து உடனே இன் வைத்திருக்கிறார். வியாழன் மதியம் ரிப்போர்ட் எடுத்தேன். அவர் நம்பரில் இரண்டு மணி பஞ்ச் ஒற்றையாக நின்றது.

“காலைல பஞ்ச் வெக்கலையா?”

“இன்னாக்கா சொல்ற? வெச்சேன்க்கா. தேங்க் யூன்னுச்சே.”

அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். அவரோட முந்தின இரவைப் பார்த்தேன். இன் 22:01, அவுட் 05:55. “நேத்து நைட் இங்க இருந்தீங்களா?” என்றேன். “நானா? நைட்டு வூட்ல புள்ளைக்கு ஜுரம்க்கா, டாக்டராண்ட தூக்கினு போனேன். சீட்டு கீது, காட்டட்டா?” என்றார்.

ஜோடி சேர்ப்பதற்கு முன்னால் உள்ள மூல வரிகளைத் திறந்தேன். திறந்து எத்தனை மாசமாச்சோ. மதியம் 14:00:12-க்கு ஒரு வரி. 14:00:41-க்கு இன்னொரு வரி. முதலாவது அவுட், இரண்டாவது இன். இருபத்தொன்பது வினாடி இடைவெளி. ஐந்து நிமிஷத்துக்குள் வந்ததால் இரண்டாவதை என் விதி தூக்கி எறிந்திருந்தது. நாலு வரி மூன்றாகிவிட்டது. ஆறும் இரண்டும் ஜோடி. இரவு பத்து மணிக்கு அவர் போனது துணையில்லாமல் நின்று, ‘இன்’ ஆகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வந்தது அதற்கு ‘அவுட்’ ஆகிவிட்டது. எட்டு மணி நேரம், அழகான ஜோடி. வீட்டில் இருந்த ஆளை ராத்திரி முழுக்கக் கம்பெனியில் உட்கார வைத்துவிட்டது. காலை வரி அங்கே செலவாகிவிட்டதால் வியாழக்கிழமைக்கு மதியம் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் அடுத்த நாள் காலைக்கும் பதினாறு மணி நேரம் என்பதால் அது ஒற்றையாக ஒதுங்க, வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாகிவிடும். தொலைந்த எட்டு மணிக்குப் பொய்யாக ஒரு எட்டு மணி, காணாமல் போன காலைக்கு நான் கையால் போட்ட எட்டு. இரண்டு தப்பும் சேர்ந்து மொத்தத்தைச் சரியாக வைத்திருந்தன.

பாயோட வரிகளை எடுத்தேன். ஒவ்வொரு புதனும் அப்படியே. காலையில் அவர் விரல் வைக்காத வியாழக்கிழமை ஒன்றுகூட இல்லை. பாத்ரூமில் போய் அழுதேன். அழுது என்ன செய்ய, முகம் கழுவிக்கொண்டு பிரின்ட் எடுத்து மேனேஜரிடம் போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். கெட்டிக்காரர், உடனே புரிந்துவிட்டது. “அப்ப இத்தனை மாச ரிப்போர்ட்டும் இப்படித்தானா?” என்றார். டபுள் பார்த்து உடனே பஞ்ச் வைத்தவர்களுக்கு மட்டும் என்றேன்.

“அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட் வருது. அட்டெண்டன்ஸே தப்புன்னு வெளிய போனா என் கதி என்ன, உன் கதி என்ன? சத்தமில்லாம சரிபண்ணு. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

“பாய்?”

“ஆதாரம் போதலைன்னு விசாரணையை முடிச்சுடறேன். வரச் சொல்லு, வேலை பார்க்கட்டும்.”

“தப்பு நம்மதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார்.”

“நீ எழுதினதுதானே அது? உன் வேலையைப் பாரும்மா.”

அன்றைக்கே ஐந்து நிமிஷத்தைப் பத்து வினாடியாகக் குறைத்தேன். சந்தேகத்தில் மறுபடி விரல் வைக்கிறவர்கள் இரண்டு மூன்று வினாடியில் வைத்துவிடுகிறார்கள். முதலிலேயே மூல வரிகளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐந்து என்பது நான் குத்துமதிப்பாகப் போட்ட எண்.

ஞாயிற்றுக்கிழமை பம்மலுக்குப் போனேன். மாடியில் இரண்டு ரூம் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து, நான் யாரென்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பாய் பத்து நாளில் இளைத்துவிட்டிருந்தார். பிரின்ட்டைத் தரையில் விரித்து வரி வரியாகக் காட்டினேன். இது நீங்கள் வந்தது, இது போனது, இதைத்தான் நான் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“மத்தவங்களுக்கு ஏன் ஆகல?”

“அவங்க டீக்குப் போயிட்டு லேட்டா வந்து வெப்பாங்க பாய். நீங்க உடனே வெச்சீங்க.”

“நோட்டீஸ்ல அப்படித்தானே போட்டிருந்துது?”

“ஆமா.”

காகிதத்தை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் தேவலை என்றிருந்தது. “மன்னிச்சுடுங்க பாய்” என்றேன். மேனேஜர் வரச் சொன்னதைச் சொன்னேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“வரல தங்கச்சி. ஆதாரம் போதலைன்னா, எடுத்தான் ஆனா பிடிபடலைன்னு அர்த்தம். பதினோரு வருஷம் சாவி என்கிட்ட இருந்துது. நாளைக்கு ஒரு டிப் குறைஞ்சா எல்லார் கண்ணும் என்மேலதான் திரும்பும். என்னால முடியாது.” அப்புறம் சொன்னார்: “எனக்கு லெட்டர் கிட்டர் வேணாம். ஒண்ணு மட்டும் செய். ரெண்டு மணிக்கு ரெண்டு ஷிப்டும் விரல் வெக்கிற மெஷின்கிட்ட நிப்பாங்க இல்ல, அப்ப அவங்ககிட்ட சொல்லிடு. பாய் எடுக்கல, கணக்குதான் தப்புன்னு. அவனுங்க கூடத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன். அவனுங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

“சொல்றேன் பாய். நாளைக்கே சொல்றேன்” என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது எழுந்து கேட்டுக்குப் போனேன். போகிறவர்கள் ஒரு வரிசை, வருகிறவர்கள் ஒரு வரிசை, நாற்பது ஐம்பது பேர். குன்றத்தூர்காரர் என்னைப் பார்த்து, “இன்னாக்கா, யாரைத் திட்ட வந்துகீற?” என்றார். சிரித்தார்கள். வரிசையில் யாரோ, “பாய் போனதுலேர்ந்து அக்காவுக்குப் பொழுதே போகல. டிப்பை வித்த காசுல அவரு ஜாலியா இருப்பாரு” என்றார். அதற்கும் சிரித்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ஆபீஸ் வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், கையில் போனோடு. என் பொண்ணோட காலேஜ் ஃபீஸ் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. இதெல்லாம் காரணமா என்றால், எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நீள வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

“விரலைத் துடைச்சுட்டு வைங்க எல்லாரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குப் போன் வந்தது. பாய்தான். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

“சொல்லிட்டியா தங்கச்சி?”

“சொல்லிட்டேன் பாய்.”

“எல்லாரும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“இன்னா சொன்னாங்க?”

நான் ஒரு வினாடி யோசித்தேன். “எங்களுக்கு அப்பவே தெரியும், பாய் அப்படி ஆள் இல்லைன்னு சொன்னாங்க” என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “போதும்மா. அல்லா உன்னை நல்லா வெப்பான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.